60 ரூபாய் சாமான் 24 ரூபாய்க்காம்!

"அண்ணா, புக் வேல்யூ 60 ரூபாய், பங்கு 24 ரூபாய்க்குக் கிடைக்குது. விலையைப் புக் வேல்யூவால் வகுத்தா வர்ற பி/பி வெறும் 0.4. கண்ணை மூடிட்டு வாங்கலாம்." போன வருஷம் மும்பை மாட்டுங்காவில் காபி குடித்துக்கொண்டே சித்தப்பா பையன் சொன்னான். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன். அதுதான் எரிச்சல்.

இந்த 60 எங்கிருந்து வந்தது? சொத்தில் கடனைக் கழித்தால் 600 கோடி, அதை 10 கோடிப் பங்கால் வகுத்திருக்கிறார்கள். கணக்கு சரி. ஆனால் அந்த 600 கோடிக்குள் என்ன கிடக்கிறது என்று ஒருவனாவது பார்த்தானா? அடி வாங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆண்டறிக்கையைப் புரட்டினேன். 150 கோடி குட்வில். வேறொரு கம்பெனியை அதிக விலை கொடுத்து வாங்கியபோது கூடுதலாகப் போன பணம், அதுவும் சொத்தாம்! கட்டி முடிக்காத தொழிற்சாலை 130 கோடி, மூன்று வருஷத்துக்கும் மேலாக வேலை நின்றுபோய் அப்படியே கிடக்கிறது. மூன்று வருஷம் தாண்டியும் வராத பாக்கி 140 கோடி. தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ரகசியமும் இல்லை. பாக்கி எத்தனை வருஷமாக நிற்கிறது, முடியாத கட்டுமானம் எவ்வளவு காலமாகக் கிடக்கிறது என்று 2021-22 முதல் நோட்ஸில் அட்டவணை போட்டே காட்ட வேண்டும். நான்தான் பார்க்கவில்லை.

மூன்றையும் கழித்தால் மிச்சம் 180 கோடி. பங்குக்கு 18 ரூபாய். 18 ரூபாய் சாமானை 24 கொடுத்து வாங்கிவிட்டு, மலிவாகப் பிடித்தேன் என்று வீட்டில் பீற்றிக்கொண்டிருந்தேன்! அந்தப் பாக்கியில் கொஞ்சம் வரலாம்தான். ஆனால் அதை நம்பியா பணம் போடுவது?

இதே புக் வேல்யூ எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். பரேல் பக்கம் அந்தக் காலத்தில் மில்லுக்கு வாங்கிய நிலம் பழைய விலையிலேயே கணக்கில் இருந்தால், பங்கு புக் வேல்யூவைப் போல நாலு மடங்கு விலையில் இருந்தும் மலிவாக இருக்கலாம். ஆக, அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதைச் சொல்வது? பாங்கு பங்கென்றால் சொத்து பெரும்பாலும் கடனாகவும் பத்திரமாகவும் இருக்கும், ஓரளவு ஒப்பிடலாம். அங்கேயும் வராக்கடனைப் பார்க்காமல் பேசக்கூடாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். போன மாதம் கம்பெனி 250 கோடியை ஒரே மூச்சில் நஷ்டக் கணக்கில் எழுதியது. புக் வேல்யூ 60-லிருந்து 35. பங்கு விலை 24-லிருந்து 11. தம்பி உடனே போன் செய்தான்.

"அண்ணா, பி/பி இப்போ 0.31. இன்னும் மலிவாயிடுச்சு, மேலும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் பண்ணலாமா?"

போனை வைத்துவிட்டேன்.