ஹெப்பாரின் டோஸை ஏன் மாத்துறாங்க

"வாட்டுல ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ரத்தம் எடுத்து ஹெப்பாரின் அளவை மாத்தினா, முதல் குடுத்த டோஸ் பிழை எண்டுதான் அர்த்தம்" எண்டு சிலர் நினைக்கிறாங்க.

அப்படியில்லைங்க. ரத்தம் உறையாமத் தடுக்கிற இந்த மருந்தை ஆளின்ட நிறையைப் பார்த்துக் குடுக்கிறது தொடக்கம் மட்டும்தான். ஹெப்பாரின் ரத்தத்தில உள்ள புரதங்களிலயும் ஒட்டும். அந்தப் புரதங்கள் ஆளுக்காள் வேற, கடும் நோயில இன்னும் கூடும். அதனால ஒரே டோஸ் ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி வேலை செய்யாது.

நுரையீரல்ல ரத்தக்கட்டி உள்ள 60 கிலோ ஆளை எடுங்க. முதல் 4800 யூனிட், பிறகு மணிக்கு 1080. ஆறு மணித்தியாலத்தில ஏபிடிடி, அதாவது ரத்தம் உறைய எடுக்கிற நேரத்தைப் பார்க்கிற டெஸ்ட், 40 செக்கன், சாதாரணம் 30 எண்டு வையுங்க. குறைஞ்சது வர வேண்டிய ஒன்றரை மடங்கு கூட வரல்ல. பரவலா பாவிக்கிற அட்டவணைப்படி 2400 யூனிட் திரும்பக் குடுத்து, மணிக்கு 1200 ஆக்குவாங்க. பிறகு திரும்பவும் டெஸ்ட்.

"ஏபிடிடி எங்கயும் ஒண்டுதான்" எண்டு சிலர் சொல்றதும் சரியில்ல. இலக்கு ஒவ்வொரு லேப்பின்ட ரீஏஜென்டைப் பொறுத்து மாறும். ஹெப்பாரின் ரத்தத்தில எவ்வளவு வேலை செய்யுது எண்டு அளக்கிற ஆன்டி எக்ஸ்ஏ டெஸ்ட் பார்த்தா இலக்கு 0.3 முதல் 0.7. இந்த ரெண்டு டெஸ்டில எதை நம்புறது எண்டதில டொக்டர்மாருக்குள்ளயே ஒருமித்த கருத்தில்ல.

வயித்தில போடுற ஊசிக்கு ஏன் இந்த டெஸ்ட் இல்ல எண்டு கேட்டா, அது பெரும்பாலும் எனொக்ஸாபரின் எண்ட இன்னொரு வகை ஹெப்பாரின். வழமையா டெஸ்ட் தேவைப்படாது.

சரிபார்க்க, கட்டில் சார்ட்டில ரத்தம் எடுத்த நேரத்தையும் டோஸ் மாத்தின நேரத்தையும் பக்கத்தில வச்சுப் பாருங்க. ஹெப்பாரின் ஏறுற கையிலயே எடுத்திருந்தா ஏபிடிடி பொய்யா நீளும், மற்றக் கையில திரும்ப எடுக்கக் கேளுங்க.