அவள் பெயர் எங்கே?

இந்தியாவில் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டவர்களுக்குத் தரும் உதவியைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் அந்தப் பெரியவர் பேசியதை நீங்களும் கேட்டீர்கள். “முன்பணம் வாங்கியவன் கணவன். கூடப் போன மனைவிக்கு எதற்குத் தனி நிவாரணம்?” சிலர் தலையாட்டினார்கள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மொரீஷியசுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். பிறந்தது திருவண்ணாமலைப் பக்கம். எங்கள் தெருவில் வளர்ந்த அக்கா ஒருத்தி கணவனோடு செங்கல் சூளைக்குப் போனாள். மேஸ்திரியின் நோட்டில் அவன் பெயர் மட்டும்தான் இருந்தது. ஆனால் விடியுமுன் சேறு மிதித்தவள் அவள். அவன் கல் அறுக்க, அவள் மண் உருட்டிக் கொடுத்தாள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று ஜோடிக்குச் சேர்த்துத்தான் கூலி. அவள் கை இல்லாமல் அந்தக் கணக்கு எப்படி வரும்?

புகார் போய், அதிகாரிகள் வந்து மீட்டார்கள். விடுதலைச் சான்றிதழ் ஒன்றே ஒன்று வந்தது, அதுவும் கணவன் பெயரில். அரிசி டின்னுக்குள் பிளாஸ்டிக் உறையில் அதை வைத்திருக்கிறாள். விரித்துக் காட்டி, “இதில் நான் எங்கே இருக்கிறேன், பாரேன்” என்று என்னிடம் கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

அந்தத் தாள்தான் எல்லாம். அது இருந்தால்தான் கடன் செல்லாது என்று காட்ட முடியும். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கேட்க முடியும். பிறகு வரும் மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம். அந்தப் பெரிய தொகை முதலாளிமேல் போட்ட வழக்கு முடியும்வரை இழுபடும் என்பது வேறு வேதனை. பெயரே இல்லாதவள் எதற்குக் காத்திருப்பது?

“ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தால் பொய் சொல்லி வாங்குவார்கள்” என்பீர்கள். விசாரிக்கட்டும். முதலாளி இல்லாத இடத்தில் மனைவியைத் தனியாக உட்காரவைத்து, என்ன வேலை செய்தாய், வெளியே போக விட்டார்களா என்று கேட்கட்டும். இவளிடம் யாரும் கேட்கவில்லை. கணவனிடம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், வாங்கிய கடனுக்காகக் குடும்பத்தில் ஒருவர் கட்டுண்டு உழைத்தாலும் அதைக் கொத்தடிமை முறை என்றே சொல்கிறது. கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் கொடுத்தவனுக்குத்தான். பிறகு ஏன் சந்தேகம் முதலில் அவள்மேல் விழுகிறது?

“மனைவி சம்பாதித்தாலும் பணம் கணவன் கைக்குத்தானே போகும்” என்றும் ஒரு குரல் வந்தது. அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

பெரியவரே, உங்கள் வீட்டுக் கூடத்தில் கப்பலில் வந்த மூதாதையரின் பதிவுத் தாளைச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறீர்கள். நான் பார்த்திருக்கிறேன். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடித்த அரசாங்கம்கூடப் பாட்டனுக்கு ஓர் எண், பாட்டிக்குத் தனி எண் என்றுதான் எழுதிவைத்தது. அந்தப் பாட்டியின் எண்ணை விரலால் தொட்டுக் காட்டி எனக்குப் பெருமையாகச் சொன்னவர் நீங்கள்.

எங்கள் அக்கா தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி இரண்டு முறை மனு கொடுத்திருக்கிறாள். கைநாட்டு வைத்து.