"தமிழ்ல போட்டுக் குடுங்க"னா எந்தத் தமிழ்ல?

நேத்துல இருந்து ஆளாளுக்கு அந்த ஸ்கிரீன்ஷாட்ட எனக்கே அனுப்பிட்டு இருக்கீங்க. பாத்துட்டேன். "மொழிபெயர்ப்பாளர்னு சொல்லிக்கிறவங்க எழுதற தமிழ் மனுசங்களுக்குப் புரியாது"னு எனக்கு அந்த வேலையக் குடுத்தவரே போட்டிருக்கறதையும் பாத்தேன், அதுக்குக் கீழ சிரிப்பு எமோஜி போட்ட நம்ம ஃபிரண்ட்ஸ் யாரு யாருன்னும் பாத்தேன். பேர் போடல, ஆனா ஏற்காட்டுல சக்கரை பாக்கற முகாம் அறிவிப்புனு சொல்லிட்டாரு. சேலத்துல அந்த வேலைய எடுத்துச் செஞ்சது யாருனு தெரியாதவங்க இந்தப் பக்கம் யாரும் இல்ல. சரி, நானும் பேர் போடாமயே சொல்றேன்.

எனக்கு வந்த மெயில்ல இருந்தது மொத்தமே ரெண்டு வரி. இணைச்சிருக்கற ஃபைல தமிழ்ல மாத்திக் குடுங்க, சாயங்காலத்துக்குள்ள வேணும். அவ்வளவுதான். எங்க ஒட்டப் போறாங்க, யாரு படிக்கப் போறாங்க, படிக்கப் போறாங்களா இல்ல காதால கேக்கப் போறாங்களா, ஒண்ணும் கிடையாது. ஏற்காடு பஸ்ல ஏறி கண்டக்டர்ட்ட "மேல ஒரு டிக்கெட்"னு சொல்லிப் பாருங்க. ஏற்காட்டுக்கா, நாகலூருக்கானு கேக்காம கிழிச்சுக் குடுப்பாரா? நான் கேட்டா மட்டும் "மேடம் ரொம்ப டவுட் கேக்கறாங்க"னு ஆயிருது.

இதுல பெரிய கூத்து என்னன்னா, அந்த ஃபைல் என்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே ஒரு தடவ மொழிபெயர்த்தாச்சு. மலையாளத்துல! ஆமா, மலையாளத்துல. யாருக்காகங்கற இடத்துல "சேர்வராயன் மலை மலையாளி மக்கள்"னு யாரோ எழுதியிருக்காங்க, மொழிங்கற கட்டத்த காலியா விட்டிருக்காங்க, வெளியூர் ஆபீஸ்ல உக்காந்திருக்கற புள்ள மலையாளினா மலையாளம்தானேனு கேரளாக்காரர் ஒருத்தருக்கு அனுப்பிருச்சு. அந்த மனுசன் பாவம், கேட்டத ஒழுங்கா செஞ்சு குடுத்துட்டாரு. நம்ம மலையாளிங்க சேர்வராயன்லயும் கல்வராயன்லயும் பச்சமலையிலயும் கொல்லிமலையிலயும் இருக்கற பழங்குடி மக்கள், பேசறது தமிழ், அவங்க முன்னோர் காஞ்சிபுரத்துல இருந்து வந்தாங்கனுதான் அவங்களே வழிவழியா சொல்றாங்க. கேரளாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது சேலத்துல சின்னப் பசங்களுக்குக் கூடத் தெரியும். அந்த ஒரு கட்டத்துல "தமிழ்"னு எழுதியிருந்தா ஒரு முழு வேலை வீணாயிருக்காது. இதப் பத்தி ஸ்கிரீன்ஷாட்டு யாரும் போடல பாருங்க.

சரி, நான் கேக்கலையா? கேட்டேன். "இது நோட்டீஸா, போஸ்டரா, வாட்ஸப்ல போறதா, எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா"னு கேட்டேன். வந்த பதில் "சாதாரண தமிழ் போதும் மேடம்".

சாதாரண தமிழ்னு ஒண்ணு கிடையாதுங்க. இதத்தான் வருசக் கணக்கா கத்திட்டு இருக்கேன். இங்கிலீஷ்ல ஒருத்தர வரச் சொல்ல ஒரே வார்த்தை போதும். நமக்கு வா, வாங்க, வாருங்கள், வரவும்னு நாலு இருக்கு. ஸ்கூல் பையனுக்கு வா. வீட்டு வாசல்ல நிக்கறவருக்கு வாங்க. அழைப்பிதழ்ல வாருங்கள். ஆபீஸ் சுவத்துல ஒட்டற தாளுக்கு வரவும், அது யாரையும் பாத்துப் பேசாது, சும்மா உத்தரவு போடும். இதுல எது சாதாரணம்? எடம் தெரியாம எத எடுத்தாலும் ஒருத்தர் மூஞ்சி சுளிப்பாரு. பெரியவங்களுக்குப் போற மெசேஜ்ல வா போட்டா அடிக்க வருவாங்க, மைக்ல வரவும் வரவும்னு சொன்னா ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இருக்கும்.

ஃபைல்ல இருந்த விசயம் இது. ரத்தத்துல சக்கரை பாக்கற முகாம், எட்டு மணி நேரம் ஒண்ணும் சாப்பிடாம வரணும், தண்ணி மட்டும் குடிக்கலாம், ரேசன் கார்டு ஜெராக்ஸ் கொண்டு வரணும். நான் குடுத்தது: "பரிசோதனைக்கு முந்தைய எட்டு மணி நேரம் உணவு உட்கொள்ளாமல் வர வேண்டும். குடிநீர் அருந்தலாம். குடும்ப அட்டையின் நகலை உடன் கொண்டு வரவும்." ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒட்டற நோட்டீஸுக்கு இதுல என்ன தப்புன்னு யாராவது சொல்லுங்க, கேட்டுக்கறேன். எழுத்துல இது சரியான தமிழ்தான்.

அவங்க செஞ்சது என்ன? அத ஒரு பொண்ணுகிட்ட குடுத்துப் படிக்க வச்சு ரெக்கார்ட் பண்ணி, ஜீப்புல மைக் கட்டி ஊர் ஊரா ஓட்டிட்டாங்க. ரோட்டு வளைவுல ஜீப்பு திரும்பறப்ப பாதி காத்துல போயிரும், எஞ்சின் சத்தம் வேற. எனக்கு அனுப்புன ஆடியோவ நான் கேட்டேன். அந்தப் பொண்ணு முற்றுப்புள்ளியில நிறுத்தாம மூச்ச எங்கயோ விட்டு, "உட்கொள்ளாமல் வர... வேண்டும் குடிநீர்... அருந்தலாம்"னு படிச்சிருக்கு. கேக்கறவங்களுக்கு என்ன விழும்? குடிநீர் வேணுமாம்னு விழும்! ஏதோ தண்ணிக்குப் போராட்டம்னு நெனச்சிருப்பாங்க. எழுத்துத் தமிழ சத்தமா படிக்கறப்ப மூச்சு தப்பான எடத்துல உடைஞ்சாலே தெரிஞ்சுக்கணும், இது கண்ணுக்கு எழுதுனது, காதுக்கு எழுதுனது இல்லைன்னு.

மைக்குக்குனு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இப்படி எழுதியிருப்பேன்: "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ரத்தம் எடுக்கறாங்க. இன்னிக்கு ராத்திரி சாப்பாட்ட பத்து மணிக்குள்ள முடிச்சுக்குங்க. காலைல டீ, காபி, பன்னு எதுவும் வேணாம். வெறும் தண்ணி மட்டும் குடிக்கலாம். ரத்தம் குடுத்துட்டு அப்பறம் சாப்பிடுங்க. வர்றப்ப ரேசன் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு கையோட எடுத்துட்டு வந்துருங்க." ஜீப்பு தாண்டிப் போற நேரத்துல "முந்தைய எட்டு மணி நேரம்"னு சொன்னா யாரு உக்காந்து கழிச்சுக் கணக்குப் போடுவா? பத்து மணினு சொன்னா முடிஞ்சுது. ஆனா கவனிங்க, மூலத்துல டீயும் இல்ல, காபியும் இல்ல, பத்து மணியும் இல்ல. முகாம் எத்தன மணிக்குனு தெரிஞ்சாதான் பத்து மணினு எழுத முடியும். எதுக்குனு தெரியாம நானா இதெல்லாம் சேத்து எழுதியிருந்தா, "இல்லாதத சேத்துட்டீங்க"னு அதுக்கு ஒரு பதிவு போட்டிருப்பாரு அதே ஆளு.

இது சும்மா நடையழகு விசயம்னு நெனைக்கறவங்களுக்காக ஒண்ணு சொல்றேன். எங்க அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். எந்த ஆஸ்பத்திரினு வேணாம். முந்தின நாள் ஒரு தாள் குடுத்தாங்க, "நள்ளிரவுக்குப் பின் வாய்வழியாக எதையும் உட்கொள்ளலாகாது". அம்மா எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, வாரப் பத்திரிகை ஒண்ணு விடாம படிப்பாங்க. அந்தத் தாளையும் கண்ணாடி போட்டு முழுசா படிச்சாங்க. காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு எப்பவும் போல பால் ஊத்தி காபி கலந்து குடிச்சுட்டாங்க. கேட்டா, "உட்கொள்ளறதுனா மாத்திரைதானே? நான் காபிதானே குடிச்சேன்"ங்கறாங்க. யோசிச்சுப் பாருங்க, நாம வழக்கமா உட்கொள்ளறதுனு பாக்கறது மாத்திரை அட்டையில, மருந்துச் சீட்டுலதான். ஆபரேஷன் அன்னிக்கு நடக்கல. நர்சு அம்மாவத் திட்டுச்சு, படிக்கத் தெரியாதாம்மானு. அந்த வார்த்தைக்கு அம்மா ரூமுக்கு வந்து அழுதாங்க. அந்தத் தாள எழுதுனவருக்கு "இது நோயாளி கையில குடுக்கறது, டாக்டர் ஃபைல்ல வைக்கறது இல்ல"னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க, அடிச்சு சொல்றேன்.

இப்ப வருவீங்க, "அனுபவசாலி நீங்களே புரிஞ்சு எழுத வேண்டியதுதானே"னு. எத வச்சுப் புரிஞ்சுக்கறது? ஃபைல் பேர வச்சா? நானும் கேட்டேன், சாதாரண தமிழ்னீங்க, திரும்பக் கேட்டா போன் எடுக்கல. மொழிபெயர்ப்பு சேவைக்குனு ISO 17100னு ஒரு தர விதி 2015ல வந்திருக்கு, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வாடிக்கையாளர்கிட்ட என்ன தேவைனு தெளிவாப் பேசி முடிச்சுக்கணும்னு அதுலயே இருக்கு. நான் புதுசா அலப்பறை ஒண்ணும் பண்ணல.

"அப்ப ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு தமிழ்ல எழுதணுமா"னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல கேட்டாரு. வேணாம். மலையாளி மக்கள் பேசற மாதிரியே நான் எழுதணும்னு யாரும் சொல்லல, நான் எழுதவும் மாட்டேன், எனக்கு அது பேச்சு இல்ல, வெளியாள் நான் அத மைக்ல போட்டா கிண்டல் பண்ற மாதிரி ஆயிரும். அவங்க சந்தைக்கு வர்றப்ப, பஸ்ல, எஸ்டேட்ல நம்மகிட்ட பேசற பொதுவான பேச்சுத் தமிழே போதும். மேற்க போனா "வரங்காட்டியும்"பாங்க, அத மைக்ல போட வேணாம், "வர்றதுக்குள்ள"னா எல்லாருக்கும் புரியும். அவ்வளவுதான் விசயம்.

தூயதமிழ் ஆளுங்களுக்கு: ஜெராக்ஸ்னு எழுதறதுக்கு எனக்கும் கை கூசும்தான். நோட்டீஸ்ல நகல்னே எழுதறேன். மைக்ல நகல்னா நகைனு கேக்கும், போங்க.

நாடு மாறுனா இன்னும் மோசம். கனடாவுல ஒரு ஆஸ்பத்திரி தாளுக்கு "தமிழ்"னு மட்டும் வந்துச்சு ஒரு தடவ. அங்க படிக்கப் போறது பெரும்பாலும் ஈழத்து மக்கள். நாம மருத்துவமனைங்கறத அவங்க வைத்தியசாலைம்பாங்க, டாக்டர் வைத்தியர், நம்ம டொராண்டோ அவங்களுக்கு ரொறன்ரோ. கம்ப்யூட்டருக்கே இது தெரியும், இந்தியத் தமிழுக்கு `ta-IN`, இலங்கைத் தமிழுக்கு `ta-LK`னு தனித்தனி கோடு வச்சிருக்கு. மெயில் அனுப்பற மனுசனுக்கு அந்த ரெண்டு எழுத்து டைப் பண்ண வலிக்குது.

உண்மைய சொல்லட்டுமா, என்னை எரிச்சல் படுத்துனது அந்தப் பதிவு கூட இல்ல. அதுக்கு முன்னாடி போன்ல சொன்னாரு, "எங்க ஆபீஸ் டிரைவரே இத விட நல்லா சொல்றாரு மேடம்". சொல்லுவாரு, ஏன் சொல்ல மாட்டாரு? டிரைவர்கிட்ட நீங்க "மைக்ல சொல்லணும்ணா, மலையில பெரியவங்க கேப்பாங்க"னு எல்லாத்தையும் சொல்லிட்டுக் கேட்டிருக்கீங்க. அதுல பாதிய என்கிட்ட சொல்லியிருக்கலாம். டிரைவருக்கு மரியாத குடுத்து விளக்குனீங்க, சந்தோசம். எனக்கு ரெண்டு வரி. பொம்பள வீட்டுல உக்காந்து செய்யற வேலைதானே, எதுக்கு விளக்கிட்டுங்கற நெனப்பு. இதச் சொன்னா "எல்லாத்தையும் அதுலயே கொண்டு போய் முடிக்கறீங்க"ம்பீங்க. முடிக்கறேன், என்ன இப்ப?

திருத்திக் குடுங்க, ஃப்ரீயானு கேட்டிருக்காரு. குடுக்க மாட்டேன். நோட்டீஸ் ஒரு வேலை, மைக் ஒரு வேலை, ரெண்டாவதுக்குத் தனி பில்லு காலைலயே அனுப்பிட்டேன். இனிமே "தமிழ்"னு மட்டும் போட்டு எவரு அனுப்பினாலும் ரெண்டுக்கும் சேத்துத்தான் ரேட் சொல்லப் போறேன். சிரிப்பு எமோஜி போட்டவங்க அந்த ஆடியோவ ஒரு தடவ முழுசா கேட்டுட்டு, குடிநீர் யாருக்கு வேணுமாம்னு எனக்கு எழுதி அனுப்புங்க. எழுத்துத் தமிழ்லயா பேச்சுத் தமிழ்லயானு நான் சொல்ல மாட்டேன்.