வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலையும் ஏறுமா?

பலரும் அனுப்பிவரும் ஒரு செய்தி இப்படிச் சொல்கிறது: "சந்தை வட்டி ஏறுது, கையிலிருக்கும் 7% அரசுப் பத்திரத்தின் விலையும் ஏறும். என்ன விலைக்கு வாங்கினாலும் 7% நிச்சயம்."

இரண்டுமே தவறு. 7% என்பது கூப்பன்: 100 ரூபாய் முகமதிப்புக்கு ஆண்டுக்கு 7 ரூபாய், அரையாண்டுக்கு 3.50 வீதம். சந்தை எப்படிப் போனாலும் இது மாறாது.

பத்திரம் முதிர 10 ஆண்டு இருக்கையில் சந்தை 8% கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8% தரும் புதிய பத்திரம் 100 ரூபாய்க்குக் கிடைக்கும்போது உங்கள் 7 ரூபாய்க்கு யார் 100 தருவார்கள்? அதனால் விலை 93.20க்கு இறங்கும். அந்த விலைக்கு வாங்குபவருக்கு வட்டியோடு, முதிர்வில் 6.80 ரூபாய் கூடுதலாகவும் கிடைக்கிறது. இரண்டும் சேர்ந்த 8%தான் முதிர்வு வருவாய். வெறும் 7-ஐ 93.20ஆல் வகுத்தால் வரும் 7.51% அதுவல்ல, பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

எக்செல்லில் நீங்களே போட்டுப் பாருங்கள். அரையாண்டுக் கணக்கு என்பதால் 8%இல் பாதி 4%, 10 ஆண்டுக்கு 20 தவணை:

```
=PV(4%,20,-3.5,-100)
```

முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு 100 ரூபாய் முழுதாக வரும். இடையில் விற்றால்தான் நஷ்டம். அன்றாட விலையை ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் தளத்தில் பார்க்கலாம். ஓய்வூதியப் பணத்தைப் போடுபவர்கள் அந்தச் செய்தியை நம்பிவிடக்கூடும். தயவுசெய்து அதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.