ஒவ்வொரு முறையும் 3,447-இலிருந்தே

“3,447 தேங்காயை நூறுக்கு முழுமையாக்கினா 3,450 ஆகி, அப்புறம் 3,500 ஆகும். விடைத்தாள்ல 3,400னு தப்பா போட்டிருக்காங்க.”

விடைத்தாள் சரிதாங்கண்ணா. பத்துக்கு 3,450 என்று நீங்கள் சொன்னதும் சரி. ஆனால் நூறுக்குப் போகும்போது 3,450-ஐ விட்டுவிட்டு மறுபடியும் 3,447-இலிருந்தே பார்க்க வேண்டும். அங்கிருந்து 3,400-க்கு 47 தூரம், 3,500-க்கு 53. பத்தாம் இடத்தில் 4 இருப்பதால் கீழேதான் இறங்கும்.

உங்கள் வழியிலேயே ஆயிரத்துக்கும் போய்ப் பாருங்கள்: 3,450, 3,500, கடைசியில் 4,000. உண்மையான விடை 3,000. பொள்ளாச்சித் தோப்பில் 3,447 காய் இறக்கியவர் 4,000 காய்க்கு விலை பேச முடியுமா?



அடுத்த கேள்வியில் இதே 3,447-ஐ எந்த இடத்துக்கு முழுமையாக்குவது என்று சொல்லாமல் ‘உத்தேசமாக’ என்று மட்டும் இருக்கிறது. அதற்கு 3,400, 3,450 இரண்டையும் ஏற்கலாம் என்பது என் எண்ணம். டீச்சர் எதை எதிர்பார்க்கிறார் என்று கேட்டுவிடுங்கள்.