குவியலைக் காட்டிப் பசியை மறுப்பவர்களுக்கு

அந்தப் படத்தை இன்னும் எத்தனை பேர் எனக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று தெரியவில்லை. கூரை முட்ட அட்டி போட்ட தானிய மூட்டைகள், அதன் கீழே "இவ்வளவு இருந்தும் பட்டினி என்றால் அது சோம்பலால்தான்" என்ற அந்த வரி. பட்டினி பற்றிய விவாதம் ஒன்றின் நடுவே சமூக வலைத்தளத்தில் ஒருவர் போட்ட பதிவு அது. கிடங்கு நிறைந்திருப்பது வயிறு நிறைந்திருப்பதற்குச் சான்றாகாது என்று நான் எழுதிய பதிலுக்கு, "கணக்குத் தெரியாமல் கண்ணீர் வடிப்பவர்" என்ற பட்டம் கிடைத்தது. கணக்கு என்று அவரே சொல்லிவிட்டதால் கணக்கையே பேசுவோம்.

எத்தியோப்பியாவில் 2000, 2001 ஆகிய இரண்டு ஆண்டுகளும் மக்காச்சோளம் நன்றாக விளைந்தது. மேம்பட்ட விதை, உரம், அவற்றை வாங்கக் கடன் என்று அரசும் உதவி அமைப்புகளும் சொன்னதை விவசாயிகள் செய்தார்கள். விளைச்சலும் சொன்னபடியே வந்தது. 2002 தொடக்கத்தில் சில சந்தைகளில் விலை 80 விழுக்காடு வரை சரிந்தது. அறுவடைக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாது என்று கண்ட சிலர் கதிரை வயலிலேயே விட்டுவிட்டார்கள். அடுத்த பருவத்தில் உரத்தையும் நல்ல விதையையும் குறைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் முந்தைய கடனே அடையவில்லை. அந்தப் பருவத்தில் மழையும் பொய்த்தது. 2003இல் 1.3 கோடிக்கும் மேற்பட்டோருக்கு அவசர உணவு உதவி தேவைப்பட்டது. மிகுதியான விளைச்சலுக்கும் கடும் பஞ்சத்துக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ ஓராண்டு. சோம்பல் ஓராண்டில் ஒரு நாடு முழுவதும் தொற்றிக்கொள்ளும் நோய் என்று யாராவது நிறுவினால் நான் இந்தப் பதிவை நீக்கிவிடுகிறேன்.

இந்தச் சரிவு ஏன் நடந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உரக் கடனின் தவணை அறுவடை முடிந்த கையோடு வந்து நிற்கும். அதே வாரங்களில் அந்த வட்டாரத்தின் எல்லா விவசாயிகளும் அதே தானியத்தை அதே சந்தைக்குக் கொண்டுவருவார்கள். வாங்கிச் சேர்த்து வைக்கும் வசதி படைத்த வியாபாரிகள் அப்போது மிகக் குறைவாக இருந்தார்கள். இருந்தவர்களுக்கும் வங்கிக் கடன் எளிதில் கிடைக்கவில்லை. தரம் பிரிக்கும் முறையும் இல்லாததால், தொலைவில் இருப்பவர் சரக்கைக் கண்ணால் பார்க்காமல் விலை பேச முடியவில்லை. மக்காச்சோளம் மிகுந்தது மேற்குப் பகுதிகளில். பற்றாக்குறை கிழக்கிலும் வடக்கிலும். நடுவே மலைச்சாலைகள், ஏற்றிறக்கு கூலி, தரகு, லாரி வாடகை. இவையெல்லாம் சேர்ந்து மேற்கில் மலிந்து கிடந்த தானியத்தைக் கிழக்கில் எட்டாத பொருளாக்கின. பின்னர் வெளிநாட்டு உதவித் தானியம் அண்டை நாடான ஜிபூட்டியின் துறைமுகத்தில் இறங்கி லாரிகளில் வந்தபோது, உள்நாட்டுத் தானியம் அடுக்கி வைக்கப்பட்டிருந்த வியாபாரிகளின் கிடங்குகளைக் கடந்துதான் அது போயிற்று. அந்தக் கிடங்குகளையும் யாரோ படம் எடுத்திருப்பார்கள்.

ஒரு குடும்பத்தின் அளவில் இதைப் பாருங்கள். பத்து மூட்டை விளைந்தது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் செலவுக்கு எட்டு மூட்டை வேண்டும். கணக்குப்படி இரண்டு மூட்டை உபரி. ஆனால் விலை விழுந்த மாதத்தில் கடனை அடைக்க நான்கு மூட்டை விற்க வேண்டியிருந்தால் மிஞ்சுவது ஆறு. அடுத்த அறுவடைக்கு முன் கையிருப்பு தீரும் மாதங்களில், குறையும் அந்த இரண்டு மூட்டையை அதே குடும்பம் சந்தையில் வாங்கியாக வேண்டும். அப்போது விலை இரு மடங்காகியிருந்தால், விற்ற நான்கு மூட்டையின் பணம் முழுவதும் இந்த இரண்டு மூட்டைக்கே போய்விடும். அந்தப் பணமோ கடனுக்கு எப்போதோ போய்விட்டது. புள்ளிவிவரத்தில் இது உபரிக் குடும்பம். வீட்டில் ஒருவேளைச் சாப்பாடு நின்றுவிட்டது. கிடங்கில் இருப்பது வேறு, வாங்கும் சக்தி வேறு என்று நான் சொன்னது இதைத்தான்.

"அப்படியென்றால் விற்காமல் சேமித்து வைக்கட்டுமே" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி என்பதால் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். மக்காச்சோளம் அறுவடையாகும்போது அதில் 20 விழுக்காடும் அதற்கு மேலும் ஈரப்பதம் இருக்கும். பாதுகாப்பாகச் சேமிக்க அது 13 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டும். காயவைக்க வெயிலும் களமும் வாய்க்காத பருவத்தில் அப்படியே மூட்டை கட்டினால், பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகலாம். சமைத்தாலும் அது முழுமையாக நீங்காது. நன்றாகக் காய்ந்தாலும் வண்டு விடாது. பெண் வண்டு மணிக்குள் துளையிட்டு முட்டையிட்டு அந்தத் துளையை அடைத்துவிடும். ஏறத்தாழ ஐந்து வாரம் கழித்து உள்ளிருந்து வளர்ந்த வண்டு வெளியேறும்போதுதான் துளை கண்ணுக்குத் தெரியும். அதுவரை மணி முழுசாகவே தோன்றும். காற்றுப் புகாத மூன்றடுக்குப் பைகள் இதற்கு உண்மையான தீர்வுதான். 1980களின் இறுதியில் கேமரூனில் தட்டைப்பயறுக்காகத் தொடங்கிய ஆய்விலிருந்து வந்தவை அவை. உள்ளே அடைபட்ட பூச்சிகள் ஆக்சிஜனைத் தாமே தீர்த்துவிட்டுத் தீனி எடுப்பதை நிறுத்திவிடும். ஆனால் அந்தப் பை வண்டைத்தான் தடுக்கும், வாசலில் நிற்கும் கடன்காரரைத் தடுக்காது. தவணையை நான்கு மாதம் தள்ளிவைக்கவோ, கிடங்கு ரசீதை அடகாக ஏற்றுப் பணம் தரவோ யாரும் இல்லாத இடத்தில், எவ்வளவு நல்ல பை கொடுத்தாலும் தானியம் அறுவடை வாரத்திலேயே விற்கப்படும்.

இங்கே என் சொந்த அனுபவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிவாரணத் தானியத்தின் தரம் பார்க்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தேன். ஒரு கிடங்கில் சரக்கு வந்து இறங்கியபோது அப்பழுக்கில்லாமல் இருந்தது. மரச்சட்டங்களின் மேல், சுவரிலிருந்து இடைவெளி விட்டு, முறையாக அட்டி போடப்பட்டிருந்தது. அது போய்ச்சேர வேண்டிய ஊர்களுக்கு நடுவே ஒரு பழைய பாலம் இருந்தது. பாரம் ஏற்றிய பெரிய லாரி அதில் போகக் கூடாது. பாலத்துக்கு இப்பால் இறக்கிச் சிறிய வண்டிகளில் மாற்றி ஏற்றினால் முடிந்துவிடும் வேலை. ஆனால் ஒப்புதலான செலவுப் பட்டியலில் ஒருமுறை ஏற்றி ஒருமுறை இறக்கும் கூலி மட்டுமே இருந்தது. இரண்டாம் முறைக்கான கூலிக்கு யார் கையெழுத்திடுவது என்ற கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தபோதே மழைக்காலம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் போனபோது அடி வரிசை மூட்டையில் குத்தூசியைச் செருகி எடுத்தேன். ஊசியின் உலோகம் சூடாக இருந்தது, உள்ளங்கையில் விழுந்த மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு புளித்த வாடை அடித்தன. மேல் வரிசைகள் அப்போதும் அழகாகவே இருந்தன. வாசலில் நின்று படம் எடுத்திருந்தால் அது மிகச் சிறந்த உபரிப் படமாக வந்திருக்கும். அந்தக் கிடங்கின் இருப்பு அறிக்கையில் அன்றும் முழு எடையே எழுதப்பட்டிருந்தது. அதை எழுதியவர் பொய்யர் அல்ல. மூட்டைகளை எண்ணினார், எண்ணிக்கை சரியாக இருந்தது.

"எல்லாம் பதுக்கல் வியாபாரிகளின் வேலை" என்பவர்கள் என் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். மன்னிக்கவும், அவர்களோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அறுவடையில் வாங்கிக் கையிருப்பு தீரும் மாதம்வரை வைத்திருக்க ஒருவர் வேண்டும். எத்தியோப்பியாவில் 2002இல் அப்படிப்பட்டவர்கள் போதிய அளவில் இல்லாமல் போனதுதான் சிக்கலின் ஒரு பாதி. விலை ஏறும் என்ற அச்சம் பரவும்போது வியாபாரி சரக்கை வெளியே விடமாட்டார் என்பதும் உண்மை. ஆனால் எவ்வளவு நேர்மையான சந்தையும் தானியத்தைப் பணம் இருக்கும் இடத்துக்குத்தான் கொண்டுபோகும். பசி இருக்கும் இடத்துக்குப் போக அதற்குக் காரணம் எதுவும் இல்லை.

"மக்கள்தொகைக்கு ஏற்ற உற்பத்தி இல்லை, அவ்வளவுதான்" என்று சொன்ன நண்பர் 1974ஆம் ஆண்டின் வங்கதேசத்தைப் பார்க்க வேண்டும். பொருளியல் அறிஞர் அமார்த்திய சென் அந்தப் பஞ்சத்தை ஆராய்ந்தபோது, 1971 முதல் 1975 வரையிலான ஆண்டுகளில் தலைக்குக் கிடைத்த உணவு தானியம் 1974இல்தான் மிக அதிகம் என்று கண்டார். வெள்ளம் வந்தது, நடவு வேலை நின்றது, நாள்கூலிக்காரர்களின் வருமானம் நின்றது. அரிசி விலையோ ஏறியது. வெள்ளத்தில் அடிபட்ட பயிர் ஆண்டின் இறுதியில்தான் அறுவடைக்கு வர வேண்டியது, மக்களோ அதற்கு முன்பே, இலையுதிர்கால மாதங்களிலேயே மடிந்தார்கள். விளைச்சல் குறைவதற்கு முன்பே கூலி குறைந்துவிட்டது. இடையில் அமெரிக்க உணவு உதவியும் தாமதமானது. அமெரிக்கா வணிகத் தடை விதித்திருந்த கியூபாவுக்கு வங்கதேசம் சணல் சாக்குகளை விற்றது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தானியம் கட்டும் சாக்கை விற்றதற்காகத் தானியம் நிறுத்தப்பட்டது. இதையும் அந்தச் சோம்பல் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது என்று அந்தப் படத்தைப் போட்டவர்தான் சொல்ல வேண்டும்.

"கையில் செல்பேசி வைத்திருப்பவனுக்கு என்ன பட்டினி" என்ற வாதத்துக்குப் பதில் எழுத எனக்கு விருப்பமில்லை. எங்கே வேலை இருக்கிறது, எந்தச் சந்தையில் என்ன விலை என்று தெரிந்துகொள்ளும் ஒரே கருவியை விற்றுவிட்டு வரிசைக்கு வா என்று சொல்பவரிடம் பேச என்ன இருக்கிறது.

இலவசமாக அள்ளிக்கொடு என்று நான் சொல்லவே இல்லை, இருந்தும் என்னைத் திட்டியவர்களில் பாதிப்பேர் அதற்காகத்தான் திட்டியிருக்கிறார்கள். உள்ளூரில் தானியம் மலிந்திருக்கும்போது வெளியிலிருந்து கப்பலில் கொண்டுவந்து கொட்டினால், விலை இன்னும் விழுந்து விளைவித்தவரே அடிபடுவார் என்பது எனக்கும் தெரியும். உள்ளூரில் வாங்கிப் பற்றாக்குறைப் பகுதிக்குக் கொண்டுபோகலாம்; சந்தையில் சரக்கு இருக்கும் இடத்தில் கூலி வேலையாகவோ பணமாகவோ கொடுக்கலாம்; சரக்கே இல்லாத இடத்தில் தானியமாகவே கொடுக்க வேண்டும். எந்த இடத்தில் எது என்று பார்த்துச் செய்வது கடினமான வேலை. "சோம்பேறிகள்" என்று எழுதுவது எளிது. அதற்குத்தான் ஆயிரக்கணக்கில் விருப்பக்குறிகள் விழுகின்றன.

கோபம் கூடிவிட்டது, தெரிகிறது. அந்த அடி வரிசை மூட்டைகளைக் கழிவு என்று எழுதி வெளியேற்றிய நாளில், பாலத்துக்கு அப்பாலிருந்து தலைச்சுமையாகவாவது எடுத்துப்போகலாம் என்று நடந்து வந்தவர்களிடம், இது தின்னத் தகாதது என்று சொல்ல வேண்டிய வேலை எனக்கு வாய்த்தது. அவர்களில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியது, இத்தனை ஆண்டு கழித்து, ஒரு கிடங்கின் வாசலைப் படத்தில் மட்டும் பார்த்தவர். அவருக்கு ஒன்று கேட்கிறேன்: அந்தப் படத்தை எடுத்த நாளில் அந்தக் கிடங்கிலிருந்து வெளியே போன மூட்டைகள் எத்தனை, எந்த ஊருக்கு, யார் செலவில் போயின என்ற பதிவேட்டுப் பக்கத்தையும் பகிருங்கள். அது வரும்வரை, தயவுசெய்து அந்தப் படத்தை எனக்கு அனுப்பாதீர்கள்.