ரிப்போர்ட் தானாக மாறுமா?

"தங்கள் ரிப்போர்ட் மாறிவிட்டது. சிரமத்துக்கு வருந்துகிறோம்."

நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபிலிருந்து ஒரு பெரியவருக்குப் போன மெசேஜ் இது. அவர் உடனே போன் பண்ணினார். "வெறும் வயித்துல 248ன்னு நேத்து அனுப்பினீங்க. இப்போ மாறிடுச்சுங்கிறீங்க. குறைஞ்சிருக்கா தம்பி, கூடியிருக்கா?"

அவர் கேட்டதில் தவறே இல்லை. நாங்கள் எழுதியதற்கு அப்படித்தான் பொருள் வரும். நடந்தது வேறு. ஒரே பெயருள்ள இரண்டு பேர் அன்று காலை அடுத்தடுத்து ரத்தம் கொடுத்தார்கள். இவர் டியூபில் அவர் லேபிளும் அவர் டியூபில் இவர் லேபிளும் ஒட்டிவிட்டோம். மறுநாள் பழைய ரிப்போர்ட்டுகளோடு ஒப்பிட்டபோதுதான் உறைத்தது. இவருக்கு எப்போதும் 120க்குள்தான் இருக்கும், மற்றவருக்கு 200க்குக் குறைந்ததே இல்லை. ரிப்போர்ட் தானாக மாறவில்லை, நாங்கள்தான் மாற்றினோம்.

இப்படி எழுதுவதைக் கண்டித்து ஆங்கிலத்தில் நிறையச் சொல்வார்கள். 1987 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ரீகன், ஈரான் ஆயுத விவகாரம் பற்றிப் பேசும்போது 'பெரிய தவறுகள் செய்யப்பட்டன' என்கிற மாதிரி சொன்னார். செய்தது யார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. அதனால் செயப்பாட்டு வினையைத் தவிர்த்தாலே நேர்மை வந்துவிடும் என்று ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. தமிழில் அது போதாது. எங்கள் மெசேஜில் 'படு' எங்கே இருக்கிறது? 'மாறிவிட்டது' சாதாரணத் தன்வினை. மாற்று என்பதற்கு மாறு, 'உடைத்தேன்' என்பதற்கு 'உடைந்தது' என்று நம் மொழியில் ஜோடி ஜோடியாக இருக்கிறது. கண்ணாடி டம்ளரைக் கீழே போட்ட பிள்ளை "உடைக்கப்பட்டது" என்று சொல்லாது, "உடைஞ்சுபோச்சும்மா" என்றுதான் சொல்லும். அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் எழுதும் 'தாமதமாகிவிட்டது', 'தவறு நேர்ந்துவிட்டது', 'விடுபட்டுப்போனது' எல்லாம் அந்தப் பிள்ளையின் தமிழ்தான், கொஞ்சம் இஸ்திரி போட்டது.

ஆக நான் 'படு'வைத் தேடுவதில்லை. வாக்கியத்தைப் படித்துவிட்டு "யாரால்?" என்று கேட்கிறேன். அதற்கான பதில் தெரிந்தால் படிக்கிறவர் அடுத்துச் செய்யப்போவது மாறுமா என்றும் பார்க்கிறேன். மாறும் என்றால் ஆளைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மாறாது என்றால் செயப்பாட்டு வினை ஒரு குற்றமும் செய்யவில்லை.

எங்கள் மேசைக்கு வரும் கெட்ட செய்திகளில் பாதி இரண்டாவது வகை. 'உங்கள் ரத்தத்தில் கிருமித் தொற்று கண்டறியப்பட்டுள்ளது.' கண்டறிந்தது எந்த டெக்னீஷியன் என்பது நோயாளிக்கு எதற்கு? அங்கே 'நாங்கள் கண்டுபிடித்தோம்' என்று எழுதினால் ஏதோ சாதித்துக் காட்டிய தொனி வரும். வாக்கியம் அவரைப் பற்றியதாக இருக்கட்டும்.

இன்னொன்று, தவறு படிக்கிறவருடையதாகவே இருக்கும் இடம். காலையில் ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்க்க வருகிறார்கள். "காபிதானே, அது சாப்பாடா?" என்பார்கள். அவர்களுக்கு 'நீங்கள் காபி குடித்ததால் பரிசோதனை வீண்' என்று எழுதுவது உண்மைதான், ஆனால் கையை ஓங்குகிற மாதிரி இருக்கும். 'காபிக்குப் பிறகு ரத்தம் எடுக்கப்பட்டிருப்பதால் இந்த அளவை வெறும் வயிற்று அளவாகக் கொள்ள முடியாது. நாளை தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வாருங்கள்' என்று எழுதினால் எதுவும் மறையவில்லை. குடித்தவருக்குத் தான் குடித்தது தெரியும். சபையில் சுட்டிக்காட்டாமல் விடுகிறோம், அவ்வளவுதான்.

சிக்கல் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. எங்களிடம் பல வருடமாக ஓடிய மெசேஜ் ஒன்று: 'தங்கள் ரத்த மாதிரி நிராகரிக்கப்பட்டது.' இது வந்தால் வீட்டில் பாதி பேர் அழுதுவிடுவார்கள். ரத்தத்திலேயே ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். பெரும்பாலும் விஷயம் சின்னது. மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்திருப்போம், டியூபை மெல்லக் கவிழ்ப்பதற்குப் பதில் குலுக்கியிருப்போம், இல்லையென்றால் வண்டியில் வரும் வழியில் அடிபட்டிருக்கும். சிவப்பணுக்கள் உடைந்துவிடும். மையவிலக்கில் சுற்றியதும் வெளிர்மஞ்சளாக மேலே நிற்க வேண்டிய நீர் இளஞ்சிவப்பாக நிற்கும், பார்த்தாலே தெரியும். அணுக்களுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே கொட்டியிருப்பதால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். அதை ரிப்போர்ட்டாகக் கொடுத்தால் இல்லாத ஆபத்துக்கு வைத்தியம் நடக்கும். நிராகரிப்பது சரிதான். ஆனால் "யாரால்?" என்று கேட்டால் பதில் பெரும்பாலும் எங்கள் பக்கம். அது தெரிந்தால் நோயாளி பயப்பட மாட்டார், மறுபடி பணம் கட்ட வேண்டுமா என்றும் தயங்க மாட்டார்.

எங்கள் மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "எந்த இடத்துல உடைஞ்சதுன்னு நமக்கே தெரியாதே, நம்ம தப்புன்னு எப்படி எழுதுறது?" என்றார். நியாயமான கேள்வி. ஊசி போட்ட பையன் மேல் பழி போடச் சொல்லவில்லை, அவன் பெயரைப் போடுவதும் ஒரு வகை ஒளிதல்தான். தெரிந்ததற்குப் பொறுப்பேற்று, தெரியாததைத் தெரியாது என்றே எழுதலாம். கடைசியில் நாங்கள் வைத்தது இது: 'உங்கள் ரத்தத்தில் கோளாறு என்று இதற்குப் பொருளில்லை. நாங்கள் எடுத்த மாதிரியில் அணுக்கள் உடைந்திருந்தன. எடுக்கும்போதா கொண்டுவரும்போதா என்று தெரியவில்லை. கட்டணமின்றி மீண்டும் எடுத்துத் தருகிறோம்.' நடுவில் 'உடைந்திருந்தன' என்று தன்வினை இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். அதற்கு முன்னால் 'நாங்கள்' நிற்கிறது.

மேலாளர் முதலில் திருத்திக் கொடுத்த வரைவில் 'நாம் இன்னும் கவனமாக இருந்திருக்கலாம்' என்று இருந்தது. 'நாம்' என்றால் எதிரே நிற்பவரும் சேர்த்தி. ஊசி குத்திக்கொண்ட பாவத்துக்கு அவரும் பங்காளியா? வேறு பல மொழிகளில் இந்த வசதி இல்லை என்று நினைக்கிறேன், நமக்கு இருக்கிறது, அதனால் கொஞ்சம் பார்த்து எழுதலாம்.

சரி, 248 பெரியவருக்கு வருகிறேன். போனில் நானே சொன்னேன். "ஐயா, நாங்கதான் லேபிளை மாத்தி ஒட்டிட்டோம். அந்த 248 உங்களது இல்ல."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ராத்திரி அரை மாத்திரை சேர்த்துப் போட்டுட்டேனே" என்றார். மயக்கம், வியர்வை ஏதாவது வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். இனி டாக்டரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம், இன்று வீட்டுக்கே ஆள் அனுப்பி ரத்தம் எடுத்துக்கொள்கிறோம் என்றேன்.

வைக்கும் முன் அவர்தான் கேட்டார்: "அப்போ என்னோட ரிப்போர்ட்டு வேற யாருக்கோ போயிருக்குமே, அவருக்குச் சொல்லிட்டீங்களா?"

சொல்லியிருந்தோம், அதே மெசேஜில். நான் அழைத்தபோது அந்த மனிதர் சந்தோஷமாக இருந்தார். 110 என்று வந்ததைப் பார்த்து, முதல் நாள் சாயங்காலம் கால் கிலோ ஜிலேபி வாங்கியிருந்தார்.